620 கோடிக்கு யார் பொறுப்பு?

ஓசூர்ப் பக்கம் ஓர் அலுமினிய டை காஸ்டிங் நிறுவனம், ஆண்டுக்கு 450 கோடி ரூபாய் விற்பனை உள்ள தன் வாகன உதிரிபாகப் பிரிவுக்குத் தலைவர் தேடுகிறது என்று வைத்துக்கொள்வோம். விளம்பரம் மூன்று விஷயங்களைக் கேட்கிறது: பிரிவின் லாப நஷ்டத்துக்கு முழுப் பொறுப்பு, அடுத்த மூன்று ஆண்டுக்கான வணிக உத்தி, காலாண்டுக்கு ஒருமுறை இயக்குநர் குழுவின் முன் அறிக்கை. வந்து குவிந்த ரெஸ்யூம்களில் ஒன்று எல்லோர் கண்ணிலும் படுகிறது. 24 ஆண்டு அனுபவம். இப்போது வேறொரு நிறுவனத்தில் உற்பத்திப் பிரிவின் துணைத் தலைவர். ‘இரண்டு ஆலைகள், 620 கோடி டர்ன்ஓவருக்குப் பொறுப்பு. எபிட்டா 2021-22இல் 9 சதவீதம், 2023-24இல் 12 சதவீதம். நிறுவனத்தின் வளர்ச்சி உத்தியை வகுத்தேன். போர்டுக்குத் தொடர்ந்து விளக்கம் அளித்தேன்.’ ஆளும் நிறுவனமும் கற்பனைதான். ஆனால் உயர்பதவி ரெஸ்யூம்களைப் படிப்பவர்கள் மேசைக்கு வாரம் ஒன்றாவது இப்படி வரும்.

கேட்டது மூன்று, சொன்னதும் மூன்று. பொருந்திவிட்டது என்று நேர்காணலுக்கு அழைப்பதுதான் வழக்கமாக நடப்பது. அதற்கு முன் ரெஸ்யூமைக் கீழே வைத்துவிட்டு விளம்பரத்தை இன்னொரு முறை படிக்க வேண்டும். ‘முழுப் பொறுப்பு’ என்று எழுதிய நிறுவனம் அதை உண்மையிலேயே கொடுக்கப்போகிறதா? விற்பனைக் குழு தலைமை அலுவலகத்துக்குக் கட்டுப்பட்டு, கொள்முதல் குழுமத்தின் மையத்தில் இருந்தால், பிரிவுத் தலைவர் கையில் மிஞ்சுவது ஆலைச் செலவு மட்டுமே. அப்படிப்பட்ட வேலைக்கு லாப நஷ்ட அனுபவம் தேடுவது வீண். நம் ஓசூர் நிறுவனத்தில் விற்பனை, கொள்முதல், உற்பத்தி மூன்றும் பிரிவுத் தலைவரின் கீழ். 2 கோடிக்கு மேற்பட்ட முதலீட்டுச் செலவு மட்டும் போர்டுக்குப் போக வேண்டும். ஆக, பொறுப்பு நிஜமானது. விலையைப் பேசுபவரும், வாடிக்கையாளர் பணம் தாமதமானால் பதில் சொல்பவரும் அவரே.

இந்த அளவுகோலோடு ரெஸ்யூமுக்குத் திரும்புவோம். ‘620 கோடி டர்ன்ஓவருக்குப் பொறுப்பு’ என்கிறார் உற்பத்தித் துணைத் தலைவர். ஆலை பொருளைச் செய்கிறது. அதை என்ன விலைக்கு யாருக்கு விற்பது என்பதை யார் முடிவு செய்தார்கள்? அவர் எழுதியிருக்கும் சாதனைகளைப் பாருங்கள்: ரிஜெக்‌ஷன் 4.1 சதவீதத்திலிருந்து 2.3 ஆனது, மின்சாரச் செலவு குறைந்தது, மெஷின்கள் ஓடும் நேரம் கூடியது. எல்லாமே செலவுப் பக்கம். லாபத்துக்குப் பதில் சொன்ன மனிதர் எழுதும் ரெஸ்யூமில் வேறு சொற்கள் தானாகவே வந்துவிடும்: நஷ்டம் தந்த ஆர்டரைத் திருப்பியது, 75 நாளாக நின்ற வரவேண்டிய பாக்கியை 50 நாளுக்குக் கொண்டுவந்தது, விலை ஏற்றத் தவறிய ஆண்டில் எந்தச் செலவை வெட்டியது. இவர் ரெஸ்யூமில் அவற்றில் ஒன்றுகூட இல்லை. 620 கோடி என்பது அவர் வேலை செய்த இடத்தின் அளவு. அவருடைய பொறுப்பின் அளவு அது அல்ல.

அடுத்து எபிட்டா. வட்டி, வரி, தேய்மானம் கழிப்பதற்கு முன்னுள்ள லாபம் மூன்று புள்ளி உயர்ந்திருக்கிறது. இது பெரிய விஷயமாகத் தோன்றும். இங்கேதான் இந்தத் தொழிலின் ஓர் உள்விவரம் தெரிந்திருக்க வேண்டும். வாகனக் கம்பெனிகளுக்கு அலுமினிய உதிரிபாகம் செய்து கொடுப்பவர்கள் பெரும்பாலும் உலோக விலையோடு கட்டிய ஒப்பந்தத்தில்தான் விற்கிறார்கள். உலோகம் ஏறினால் விற்பனை விலையும் ஏறும், இறங்கினால் இறங்கும். லண்டன் உலோகச் சந்தையில் அலுமினியம் 2022 மார்ச்சில் டன்னுக்கு 4,000 டாலரைத் தாண்டியது. அதே ஆண்டு செப்டம்பர் இறுதியில் 2,200 டாலருக்கும் கீழே வந்துவிட்டது. நம் விண்ணப்பதாரர் காட்டும் காலமும் இதுவே.

இதை 100 ரூபாய் விற்பனையில் போட்டுப் பார்க்கலாம். அதில் உலோகம் 55 ரூபாய், மற்றச் செலவுகள் 36 ரூபாய், மிச்சம் 9 ரூபாய். அதாவது 9 சதவீத எபிட்டா. இப்போது உலோகச் செலவு 55இலிருந்து 40 ஆக இறங்குகிறது. ஒப்பந்தப்படி அந்த 15 ரூபாயும் வாடிக்கையாளருக்கே போய்விடும், விற்பனை 85 ஆகும். மற்றச் செலவு அதே 36. மிச்சமும் அதே 9 ரூபாய்தான். ஆனால் 85இல் 9 என்பது 10.6 சதவீதம். ஆலையில் யாரும் ஒரு திருகைக்கூட மாற்றாமல் சதவீதம் ஒன்றரைப் புள்ளிக்கு மேல் ஏறிவிட்டது. உலோக விலை ஏறும் ஆண்டில் இதே கணக்கு தலைகீழாகும். நன்றாக நிர்வகித்தவரின் சதவீதமும் சரியும். அந்த ஆண்டு ரெஸ்யூமை வைத்து ஒருவரைத் தள்ளிவிடுவதும் அநியாயம்.

ஆகவே சதவீதத்தை ஒதுக்கிவிட்டு ரூபாயில் கேட்க வேண்டும். நேர்காணலுக்கு முன் ஒரு தொலைபேசி அழைப்பு போதும். முதல் ஆண்டு விற்பனை 640 கோடி, எபிட்டா ஏறத்தாழ 58 கோடி. கடைசி ஆண்டு 620 கோடி, எபிட்டா 74 கோடி. கூடியது 16 கோடி. ‘இந்த 16 கோடி எங்கிருந்து வந்தது, கொஞ்சம் பிரித்துச் சொல்லுங்கள் சார்’ என்று கேட்டால் பதில் வருகிறது: கூடுதல் உற்பத்தியால் 9 கோடி, ரிஜெக்‌ஷன் குறைந்ததாலும் மின்சாரத்தாலும் 5 கோடி, ஒரு வாடிக்கையாளரிடம் விலைத் திருத்தத்தால் 2 கோடி. கூடுதல் ஆர்டரைக் கொண்டுவந்தது விற்பனைக் குழு. அதைத் தாமதமின்றிச் செய்து கொடுத்தது இவர். 5 கோடி முழுக்க இவருடையது. தட்டுத் தடுமாறாமல் பிரித்துச் சொன்னார் என்பதே இவருக்கு ஒரு நல்ல மதிப்பெண். கணக்கு கையில் இருந்தவர்தான் இப்படிச் சொல்ல முடியும்.

எனக்கு அந்த 2 கோடிதான் முக்கியமாகப் படுகிறது. ரெஸ்யூமின் இரண்டாம் பக்கத்தில் ஒரே வரியில் அது ஒளிந்திருக்கிறது: ‘டை ஆயுள் குறைந்ததைக் காட்டி ஒரு வாடிக்கையாளரிடம் விலைத் திருத்தம் பெற உதவினேன்.’ வாடிக்கையாளரின் எதிரே உட்கார்ந்து, டை எத்தனை ஷாட்டில் தேய்கிறது என்ற ஆலைக் கணக்கை விலையாக மாற்றிப் பேசியிருக்க வேண்டும். முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் போட்ட 620 கோடியைவிட விளம்பரத்துக்கு நெருக்கமான சான்று இந்த ஒரு வரியில் இருக்கிறது. ‘உதவினேன்’ என்ற சொல்லில் எவ்வளவு அடங்கியிருக்கிறது என்பதை மட்டும் தோண்டிப் பார்க்க வேண்டும்.

உத்தி பற்றிய வரி சீக்கிரமே கரைந்துவிடுகிறது. ‘வளர்ச்சி உத்தியை வகுத்தேன்’ என்பதற்குக் கீழே அவர் கொடுத்திருப்பது இரண்டாவது ஆலையைக் குறித்த காலத்தில் முடித்த விவரம். அது நல்ல செயலாக்கம். அந்த ஆலை வேண்டுமா, எங்கே வேண்டும், அதே பணத்தை மின்வாகன மோட்டார் கூடுகளுக்குப் போடலாமா என்று முடிவெடுத்தவர்கள் வேறு யாரோ. உத்தி வகுத்தவரிடம் ஒரு கைவிடல் இருக்கும்: எந்தப் பொருளை நிறுத்தினார், எந்த வாடிக்கையாளரை விட்டார், எந்த முதலீட்டை வேண்டாம் என்றார். இந்த ரெஸ்யூமில் அப்படி ஒன்றும் இல்லை.

போர்டு விஷயத்துக்கு வருவோம். 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டப்படி ஒரு நிறுவனத்தின் இயக்குநர் குழு பொதுவாக ஆண்டுக்கு நான்கு முறையாவது கூட வேண்டும். இரு கூட்டங்களுக்கு இடையே 120 நாளுக்கு மேல் போகக் கூடாது. இயக்குநர் அல்லாத ஒருவர் உள்ளே போனால் அழைப்பாளராகத்தான் போவார், நடவடிக்கைக் குறிப்பில் அவர் பெயர் பதிவாகும். எம்.டி. மாதாமாதம் நடத்தும் ரிவ்யூ போர்டு மீட்டிங் ஆகாது. பலர் இரண்டையும் ஒன்றாக நினைத்தே எழுதிவிடுகிறார்கள், பொய் சொல்லும் எண்ணத்தோடு அல்ல.

வெளியிலிருந்து சரிபார்க்க ஒரு வழி உண்டு. விண்ணப்பதாரரின் நிறுவனம் பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்டதாக இருந்தால், செபியின் 2023ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, ஆண்டறிக்கையின் நிர்வாக முறை பற்றிய பகுதியில் மூத்த நிர்வாகிகளின் விவரமும் அதில் நேர்ந்த மாற்றமும் வர வேண்டும். எம்.டி.க்கு நேர் கீழே இருப்பதாகச் சொல்பவரின் பெயர் அதில் இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். இல்லையென்றால் உடனே முடிவு கட்ட வேண்டாம், ஒரு கேள்வி கிடைத்தது என்று வைத்துக்கொள்ளலாம். அதே அறிக்கையில் பிரிவுவாரி விற்பனையும் லாபமும் தனித்தனியே இருந்தால் 9 சதவீதத்தையும் 12 சதவீதத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஆனால் உதிரிபாக நிறுவனங்களில் பல தங்களை ஒரே பிரிவாகவே காட்டுகின்றன. அங்கே இந்த வழி அடைபடும்.

நேரில் கேட்கும்போதும் ஓர் எல்லை உண்டு. போர்டு குறிப்புகள் ரகசியமானவை. ‘போன காலாண்டில் என்ன கொடுத்தீர்கள், காட்டுங்கள்’ என்று கேட்கவே கூடாது. கேட்காமலே லேப்டாப்பைத் திறந்து காட்டும் ஆள் நாளை உங்கள் குறிப்பையும் அடுத்தவருக்குக் காட்டுவார். முறையான கேள்வி வேறு: குறிப்பை எழுதியது நீங்களா, நிதிப் பிரிவா? திட்டமிட்டது நடக்காத ஒரு காலாண்டில் அதை எந்த வரிசையில் சொன்னீர்கள்? சுயேச்சை இயக்குநர் எந்த மாதிரிக் கேள்வியில் உங்களை நிறுத்தினார்? உண்மையில் நின்று பதில் சொன்னவர் எண்களைச் சொல்லாமலே இதற்கு விவரமாகப் பேசுவார். நம்மவர் இரண்டு முறை உள்ளே போயிருக்கிறார், இரண்டு முறையும் ஆலைக் கட்டுமான நிலவரம் சொல்ல. ‘தொடர்ந்து’ என்ற சொல் அங்கே தாங்காது.

இவ்வளவும் பார்த்தபின் அவரைத் தள்ளிவிட வேண்டுமா? அது ஓசூர் பிரிவின் வலி எங்கே என்பதைப் பொறுத்தது. லாபம் குறைவதற்குக் காரணம் ரிஜெக்‌ஷனும் நின்றுபோகும் மெஷினும் என்றால், விளம்பரத்தின் ஒவ்வொரு சொல்லுக்கும் பொருந்தும் விற்பனைக்காரரைவிட இவரே பயன்படுவார். வாடிக்கையாளர் விலையைப் பிழிவதால் குறைகிறது என்றால் இன்று இவர் தயாராக இல்லை. நானாக இருந்தால் ஒரு மணி நேரம் அந்த விலைத் திருத்தத்தைப் பற்றி மட்டும் பேச அழைப்பேன். பரிந்துரைக்கு அவருடைய மேலதிகாரி வேண்டாம். அங்கிருந்து ஏற்கெனவே விலகிவிட்ட நிதித் தலைவர் ஒருவர் பெயரைத் தரச் சொல்வேன். பட்ஜெட்டில் யார் கையெழுத்துப் போட்டார் என்பது அவருக்குத்தான் தெரியும்.

விண்ணப்பதாரரிடமும் ஒன்று சொல்லலாம். முதல் வரியை இப்படி எழுதியிருந்தால் வடிகட்டலில் விழுந்துபோக மாட்டார்: ‘620 கோடி விற்பனை உள்ள நிறுவனத்தில் இரு ஆலைகளின் 170 கோடி ரூபாய் உற்பத்திச் செலவுக்கு முழுப் பொறுப்பு. விலை நிர்ணயம் சந்தைப் பிரிவிடம். டை ஆயுள் தொடர்பான விலைத் திருத்தத்தை நேரில் பேசி ஆண்டுக்கு 2 கோடி பெற்றுத் தந்தேன்.’ எண் சிறிதாகிவிட்டது. ஆனால் விவரம் தெரிந்த எவரும் அடுத்த வரியை நிதானமாகப் படிப்பார்.