இரவு 11 முதல் காலை 7:30 வரை: அறைத்தோழனுக்கு ஒரு மெசேஜ்

போன மாசம் ஒரு ராத்திரி பதினொன்றரைக்கு அக்கா பையனிடமிருந்து வாட்ஸப்பில் ஒரு மெசேஜ். கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம் படிக்கிறான், ஹாஸ்டல். "மாமா, இதை ரூம்மேட்டுக்கு அனுப்பலாமா, பாத்து சொல்லுங்க" என்று கேட்டு, கீழே இதை ஒட்டியிருந்தான்:

"டேய், டெய்லி ரெண்டு மணி வரைக்கும் லைட் போட்டு வெச்சா மனுஷன் எப்படித் தூங்குறது? கொஞ்சம் சீக்கிரம் ஆஃப் பண்ணு. சத்தமும் கம்மி பண்ணு. இல்லன்னா வார்டன்கிட்ட சொல்லி ரூம் மாத்திக்கிறேன்."

அனுப்பாதே, காலையில் பேசுவோம் என்று சொல்லிவிட்டேன். அவன் கோபம் நியாயமானதுதான். மூன்று வாரமாக ஐந்து மணி நேரத்துக்கு மேல் தூக்கமில்லை, லேபில் நின்றபடியே கண் சொருகுகிறது, ஒரு இன்டர்னல் சொதப்பிவிட்டது. ஆனால் இந்த மெசேஜை வாங்கியவன் என்ன செய்வான்? "கொஞ்சம் சீக்கிரம்" என்றால் ஒரு மணியா, பன்னிரண்டா? "கம்மி" என்றால் எவ்வளவு? ஒன்றே முக்காலுக்கு விளக்கை அணைத்துவிட்டு, சொன்னபடி கேட்டேனே என்று அவன் சொல்லலாம். அலுவலகத்தில் எனக்கு இப்படி எழுதப்பட்ட தேவைக்குறிப்பு வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன்.

மறுநாள் போனில் முதலில் கேட்டது, அவனுடைய நாளை இல்லை, ரூம்மேட்டுடைய நாளை. அந்தப் பையன் கேட் தேர்வுக்கு இப்போதே தயாராகிறான். பகலில் ஹாஸ்டல் சந்தைக்கடை மாதிரி இருக்கும், அதனால் இரவு பத்துக்கு மேல்தான் படிப்பு. இரண்டு மணிக்குப் படுத்து எட்டு மணிக்கு எழுகிறான். நம்மவன் பத்தே முக்காலுக்குப் படுத்து ஐந்தரைக்கு எழுந்து கிரவுண்டுக்கு ஓடுகிறவன். "அஞ்சரைக்கு எப்படி எழுந்திரிக்கிற?" என்றேன். "அலாரம் மாமா. நாலஞ்சு தடவை ஸ்னூஸ் போடுவேன்."

விஷயம் அங்கேதான் மாறியது. ஒன்பது நிமிஷ ஸ்னூஸ் என்றால் 5:30, 5:39, 5:48, 5:57. நான்கு முறை. இரண்டு மணிக்குப் படுத்தவனுக்கு அது தூக்கத்தின் பின்பாதி. ஆழ்ந்த உறக்கம் பெரும்பாலும் முதல் பாதியிலேயே முடிந்துவிடும். பின்பாதியில் கனவுத் தூக்கமும் லேசான தூக்கமும்தான் அதிகம். அதனால் அந்த நேரத்துச் சத்தம் எளிதில் எழுப்பிவிடும். ரூம்மேட் ஒரு நாளும் புகார் சொன்னதில்லை. சொல்லவில்லை என்பதால் அவன் நன்றாகத் தூங்கினான் என்று ஆகிவிடாது.

இப்போது இரண்டு பேருடைய தூக்கத்தையும் ஒரு கோட்டில் வைத்துப் பாருங்கள். ஒருவன் 10:45 முதல் 5:30 வரை. இன்னொருவன் 2:00 முதல் 8:00 வரை. இருவரும் சேர்ந்து தூங்கும் நேரம் மூன்றரை மணிதான். ஹாஸ்டல்களில் அமைதி நேரம் என்று பேசினால் அதை ராத்திரியில் ஆரம்பிக்கும் நேரமாக மட்டும்தான் பேசுகிறார்கள். அதற்கு இரண்டு முனைகள் உண்டு. முன்னால் படுப்பவனின் படுக்கை நேரத்தில் தொடங்கி, பின்னால் எழுபவனின் எழும் நேரத்தில் முடிய வேண்டும். முன்முனையைக் காக்க வேண்டியவன் இரவுப்பறவை, பின்முனையைக் காக்க வேண்டியவன் காலைப்பறவை. இதை எழுதிக் காட்டினால், ஒருவன் கேட்க இன்னொருவன் விட்டுக்கொடுக்கிற பேச்சே மறைந்து, கொடுக்கல் வாங்கலாக மாறிவிடுகிறது.

இருபது வயதில் இரண்டு மணி வரை விழித்திருப்பதைச் சோம்பல் என்றும் சொல்ல முடியாது. பருவ வயதில் உடல் கடிகாரம் பின்னால் தள்ளிப்போகிறது. ஏறக்குறைய இருபது வயதில்தான் அது மிகவும் தாமதமாக ஓடுகிறது, பிறகு மெல்ல முன்னால் வருகிறது. அதனால் "நீயும் பதினோரு மணிக்குப் படு" என்ற கோரிக்கை நடக்காது. விளக்கைத்தான் கேட்க முடியும், தூக்கத்தைக் கேட்க முடியாது.

சரி, விளக்கு. கண்ணின் விழித்திரையில் பார்ப்பதற்கான செல்கள் தவிர வேறொரு வகைச் செல்கள் இருக்கின்றன. மெலனாப்சின் என்ற நிறமி உள்ளவை. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் இவை தெளிவாகத் தெரியவந்தன. பகலா இரவா என்று மூளைக்குச் சொல்வதில் இவற்றுக்குப் பெரிய பங்கு. நீல வெளிச்சத்துக்கு, சுமார் 480 நானோமீட்டர் பக்கம், இவை அதிகமாகத் துடிக்கும். வெள்ளை எல்இடி ட்யூப்லைட்டில் நீலம் தாராளமாகவே இருக்கிறது. 2011இல் வெளியான ஹார்வர்டு குழுவின் ஆய்வு ஒன்றில், படுக்கும் முன் சாதாரண அறை வெளிச்சத்தில் (200 லக்ஸுக்குக் கீழே) இருந்தவர்களுக்கு, மிக மங்கிய வெளிச்சத்தில் (3 லக்ஸுக்குக் கீழே) இருந்தபோது இருந்ததைவிட மெலடோனின் சுரக்கும் காலம் சுமார் ஒன்றரை மணி நேரம் குறைந்தது. கவனிக்க, அது படுக்கப் போவதற்கு முன்னால் கண் திறந்திருந்தபோது நடந்தது. மூடிய இமை வழியாகச் சிறு பங்கு வெளிச்சம்தான் போகும், அதிலும் சிவப்பே அதிகம். ஆகவே நம்மவனுக்குப் பிரச்சினை பத்து மணியிலிருந்தே ஆரம்பித்துவிடுகிறது. பதினொன்றுக்கு விளக்கணைத்தால் போதாது, பத்தரைக்கே ட்யூப்லைட் போய் மேசை விளக்கு வர வேண்டும்.

இதை அளந்தே பார்க்கச் சொன்னேன். நிறைய ஆண்ட்ராய்டு போன்களில் முன்பக்கம் ஒரு ஒளி உணரி இருக்கும், லக்ஸ் காட்டும் இலவச செயலியும் கிடைக்கும். போனைத் தலையணை மேல் மல்லாக்க வைத்துவிட்டுத் தள்ளி நின்று பார்க்க வேண்டும். ட்யூப்லைட்டுக்கு 95 என்று வந்தது. ரூம்மேட்டின் மேசை விளக்கு இவன் பக்கம் பார்த்தபோது 30. அதே விளக்கைச் சுவர்ப் பக்கம் திருப்பி, தலையைத் தாழ்த்தியபோது 4. போன் உணரி துல்லியமான கருவி இல்லை, ஆனால் ஒரே போனில் ஒப்பிட இது போதும். புது விளக்கு வாங்க வேண்டியதில்லை, இருக்கும் விளக்கைத் திருப்பினால் போதும் என்பது இதில்தான் தெரிந்தது. ஒரே வெளிச்சம் எல்லோரையும் ஒரே அளவு பாதிக்காது, ஆளுக்கு ஆள் பெரிய வித்தியாசம் உண்டு. அதனால் "எனக்கு லைட் இருந்தாலும் தூக்கம் வருதே" என்று ரூம்மேட் சொன்னால் அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை.

சத்தம் வேறு மாதிரி. சராசரி அளவைவிட எழும்புகிற முனைகள்தான் கெடுக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் 1999ஆம் வருஷ வழிகாட்டுதல், படுக்கையறையில் தொடர்ந்த சத்தம் 30 டெசிபல், தனித்தனியாக எழும் சத்தம் 45 டெசிபல் என்ற அளவைத் தாண்டக்கூடாது என்கிறது. ஹாஸ்டலில் முதலாவது கனவுதான். ஆனால் சீலிங் ஃபேனின் ஒரே சீரான இரைச்சல் நமக்கு உதவி. மற்ற சின்னச் சத்தங்களை அது மூடிவிடும். மூட முடியாதது பேச்சு. கிசுகிசு என்று போனில் பேசினாலும் காது அதில் வார்த்தை தேடும். எனவே "மெதுவா பேசு" என்று கேட்பதில் பயனில்லை, "கால் வந்தா வராந்தாவுக்குப் போ" என்றுதான் கேட்க வேண்டும்.

இத்தனையையும் மனதில் வைத்து இரண்டு பேரும் சேர்ந்து எழுதிய மெசேஜ் இது. நான் கை வைத்தது பாதி, மீதி அவன் பாஷை:

"மச்சி, ஒரு விஷயம். என் அலாரம் தினமும் நாலு தடவை அடிச்சு உன்னைக் கெடுக்குது, அது என் தப்பு. நாளையிலிருந்து ஒரே அலாரம், வைப்ரேஷன்ல, தலையணைக்கு அடியில. ஸ்னூஸ் கிடையாது. காலைல நீ எழுற வரைக்கும், 7:30 வரை, ட்யூப்லைட் போட மாட்டேன், போன் டார்ச்தான்.

எனக்கு உன்கிட்ட வேண்டியது: 10:30க்கு ட்யூப்லைட் ஆஃப், அப்புறம் உன் டேபிள் லேம்ப் சுவத்தைப் பாத்து. எத்தனை மணி வரைக்கும் வேணா படி. 11க்கு மேல ஹெட்செட், கால் வந்தா வராந்தா. சனிக்கிழமை இது எதுவும் வேணாம். எக்ஸாம் வாரத்துல யாருக்கு ட்யூப்லைட் வேணுமோ அவங்க ஸ்டடி ஹால். ரெண்டு வாரம் பாப்போம், சரிவரலன்னா மாத்திக்கலாம். உனக்கு எந்த டைம் ஒத்து வராது, சொல்லு."

தன் பங்கு முதலில் வந்ததைக் கவனியுங்கள். அதுவும் "நானும் மாத்திக்கிறேன்" என்று பொதுவாக இல்லாமல், நாளைக்கே சரிபார்க்கக்கூடிய ஒன்றாக இருக்கிறது. வார்டன் இல்லை, "எப்பவும் நீ" இல்லை. படிப்பின் மேல் கை வைக்கவில்லை. கடைசிக் கேள்வி மரியாதைக்காகப் போட்டது இல்லை. பதிலில் ஒரு நேரம் மாறிப்போகும் என்று எதிர்பார்த்தே போட்டது. மாறியது. எட்டு மணிக்கு எழுகிறான் என்று நாங்கள் நினைத்திருந்தோம். திங்களும் வியாழனும் அவனுக்கு முதல் பீரியட் இல்லை, அன்றைக்கு ஒன்பது வரை விடு என்று கேட்டான். இவன் ஏழேகாலுக்கே மெஸ்ஸுக்குப் போய்விடுகிறவன், அதைக் கொடுப்பதில் இவனுக்கு நஷ்டமே இல்லை.

எப்போது அனுப்புவது என்பதிலும் ஒரு சின்னக் கணக்கு. விளக்கு எரியும்போது, கடுப்பில், பன்னிரண்டு மணிக்கு அனுப்பினால் எவ்வளவு நல்ல மெசேஜும் சண்டையாகத்தான் படிக்கப்படும். சாயந்திரம் டீ நேரத்தில் அனுப்பச் சொன்னேன். ஒரே அறையில் இருந்துகொண்டு மெசேஜ் எதற்கு என்று அக்கா கேட்டாள். வாயால் பேசினால் நேரங்கள் மறந்துபோகும், பத்தரையா பதினொன்றா என்று அடுத்த வாரமே தகராறு வரும். எழுத்தில் இருந்தால் மேலே தள்ளிப் பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டு வாரம் அவனை மூன்றே விஷயம் குறித்து வைக்கச் சொன்னேன்: விளக்கு அணைந்த நேரம், நடுவில் விழித்தானா, எதனால். பதினான்கு இரவில் பதினொன்று ஒழுங்கு. இரண்டு நாள் கிரிக்கெட் மேட்ச், பக்கத்து அறைப் பையன்கள் எல்லாம் இங்கே. ஒரு நாள் கொசு. அதற்கு ஒப்பந்தத்தில் இடமில்லை. தூக்கம் ஆறரை மணி நேரத்துக்கு வந்திருக்கிறது. முதல் நான்கைந்து நாள் பெரிதாக மாற்றம் தெரியவில்லை, படுத்துக்கொண்டு விழித்தே கிடந்தான். தள்ளிப்போன கடிகாரம் ஒரே ராத்திரியில் திரும்பாது. அந்த நாட்களில்தான் பல பேர், இதெல்லாம் வேலைக்காகாது என்று விட்டுவிடுகிறார்கள்.

ரூம்மேட்டும் தன் பங்குக்குக் குறித்து வைத்திருந்தான் என்பது பிறகுதான் தெரிந்தது. இரண்டாவது வாரக் கடைசியில் அவனிடமிருந்து இவனுக்கு வந்தது:

"அலாரம் ஓகே மச்சி, கேக்கவே இல்ல. ஆனா அஞ்சரைக்கு நீ ஷூ எடுக்க அந்த இரும்பு கப்போர்டைத் திறக்குற பாரு, க்ரீச்ச்ச்னு. அதுல ஒன்பது நாள் முழிச்சிருக்கேன்."

ஷூவை ராத்திரியே கட்டிலுக்கடியில் எடுத்து வைப்பது என்று ஒரு வரி சேர்ந்தது. கப்போர்டு கீலுக்குத் தேங்காய் எண்ணெய் ரூம்மேட்டே விட்டுவிட்டானாம்.