கடற்கரைக் கணக்குகள் – 9: விலைக்கு வாங்கிய நஷ்டம்

தூத்துக்குடியில் இறாலும் கணவாயும் ஏற்றுமதி செய்த ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி இருப்பதாக வைத்துக்கொள்வோம். சரக்கு திரும்பி வந்து வந்தே 4 கோடி ரூபாய் நஷ்டம். ஐஸ் ரூம் கதவு துருப்பிடித்துக் கிடக்கிறது. மிச்சம் இருப்பது பெயர்ப்பலகையும் வருமான வரிக் கோப்பும்தான். ஆனால் அந்தக் கோப்புக்கு விலை உண்டு. தொழில் நஷ்டத்தை எட்டு ஆண்டுகள் வரை, பின்னால் வரும் லாபத்தில் கழித்துக்கொள்ளலாம். 25 சதவீத வரி என்றால், 4 கோடி நஷ்டம் 1 கோடி வரியை மிச்சப்படுத்தும்.

உப்பு வியாபாரத்தில் நல்ல லாபம் பார்க்கும் ஒருவர் அந்தக் கம்பெனியின் பங்குகளை 40 லட்சத்துக்கு வாங்குகிறார். தன் வியாபாரத்தை அதன் பெயருக்கு மாற்றுகிறார். இறால் அந்தப் பக்கமே வருவதில்லை. உப்பின் லாபத்தில் இறாலின் நஷ்டம் கழிகிறது. நஷ்டப்பட்டவர் ஒருவர், வரி மிச்சம் வேறொருவருக்கு. இடையில் 60 லட்சம் ஆதாயம், அதுவும் அரசு கஜானாவிலிருந்து.

இதைத் தடுக்கத்தான் 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் 79-ஆம் பிரிவு வந்தது. பங்குச்சந்தையில் பட்டியலிடப்படாத, சிலர் கைக்குள் இருக்கும் கம்பெனிகளுக்கு உரியது அது. நஷ்டம் வந்த ஆண்டின் மார்ச் 31 அன்று வாக்குரிமையில் 51 சதவீதமாவது யாரிடம் இருந்ததோ, நஷ்டத்தைக் கழிக்கும் ஆண்டின் மார்ச் 31 அன்றும் அது அவர்களிடமே இருக்கவேண்டும். இல்லாவிட்டால் பழைய தொழில் நஷ்டம் காலாவதி.

முன்பு ஒரு தப்பும் வழி இருந்தது. பங்கு கைமாறியது வரியைத் தவிர்ப்பதற்காக அல்ல என்று அதிகாரி ஏற்றுக்கொண்டால் நஷ்டம் பிழைத்தது. வாங்கியவரின் மனதில் என்ன இருந்தது என்பதை யார், எப்படி நிரூபிப்பது? வழக்குகள் உச்சநீதிமன்றம் வரை போயின. 1988-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் அந்த வழியை எடுத்துவிட்டது. இப்போது நோக்கத்தை யாரும் கேட்பதில்லை, பங்குப் பதிவேட்டைப் பார்த்தால் போதும்.

ஒரு விஷயத்தைப் பலரும் தவறவிடுகிறார்கள். அந்த 4 கோடியில் 1 கோடி, குளிர்பதன இயந்திரங்களின் கழிக்கப்படாத தேய்மானம் என்றால், அது இந்தப் பிரிவில் சிக்காது. போவது 3 கோடிதான். பங்குதாரர் இறந்து வாரிசுக்குப் போனாலும், உறவினருக்குத் தானமாகக் கொடுத்தாலும் அந்த மாற்றம் கணக்கில் வராது.

நோக்கத்தைப் பார்க்காத விதி, ஐஸ் ரூமை மறுபடி ஓட்ட வருகிறவரையும் அடிக்கிறது. எனக்கு இதில் வருத்தம் உண்டு. 2018-இல் சட்டம் ஓரளவு இளகியது. திவால் சட்டத்தின்படி தீர்ப்பாயம் ஏற்ற திட்டத்தால் உரிமை மாறினால், வருமான வரித் துறையின் வாதத்தையும் கேட்டபின், நஷ்டம் தொடரலாம். தூத்துக்குடி மேலமருதூரில் 1,200 மெகாவாட் அனல்மின் நிலையம் நடத்திய கோஸ்டல் எனர்ஜென் பிரைவேட் லிமிடெட்டுக்கான மீட்புத் திட்டத்தைச் சென்னைத் தீர்ப்பாயம் 2024 ஆகஸ்டில் ஏற்றது அந்த வகை உரிமை மாற்றம்தான்.

தீர்ப்பாயத்துக்குப் போகாமல் நேரடியாகப் பங்கு வாங்குகிறவருக்கு அந்தச் சலுகை கிடையாது. அவர் முதலில் 49 சதவீதம் மட்டும் வாங்கி, பழைய நஷ்டம் கழிந்து முடிந்தபின் மீதியை எடுத்துக்கொள்ளலாம்.