வேலை முடிந்ததா?

உயிரியல் மாணவர் ஒருவரிடம் ஒரு மரபணுவின் எழுத்து வரிசை இருக்கிறது. அதைப் போன்றவை வேறு எந்த உயிர்களில் உள்ளன? இதை அறிய அவர் அமெரிக்காவின் என்.சி.பி.ஐ. நிறுவனத்துக் கணிப்பொறிக்கு அதை அனுப்புகிறார். பிளாஸ்ட் என்னும் நிரல் அங்கே தேடத் தொடங்குகிறது. விடை உடனே வராது. RID என்ற அடையாளக் குறியும், ஏறக்குறைய எத்தனை விநாடி ஆகும் என்ற மதிப்பீடும்தான் முதலில் வரும். வேலை முடிந்ததை அவர் எவ்வாறு அறிவது?

எளிய வழி, திரும்பத் திரும்பக் கேட்பது. RID-ஐக் கொடுத்துக் கேட்டால், வேலை நடக்கும்போது `Status=WAITING` என்றும், முடிந்ததும் `Status=READY` என்றும் பதில் வரும். இதற்குப் போலிங் என்று பெயர்.

எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை கேட்கலாம்? வேலைக்கு 600 விநாடி ஆகிறதென்று வைத்துக்கொள்வோம். 60 விநாடிக்கு ஒருமுறை கேட்டால் கேள்விகள் 10. இரு கேள்விகளுக்கு இடையே எந்தக் கணத்திலும் வேலை முடிந்திருக்கலாம் அல்லவா? ஆகவே செய்தி சராசரியாக 30 விநாடி தாமதமாகவே தெரியும். அவசரப்பட்டு விநாடிக்கு ஒருமுறை கேட்டால் தாமதம் அரை விநாடிதான், கேள்விகளோ 600! இரண்டையும் பெருக்கிப் பாருங்கள். 10 × 30 = 300; 600 × ½ = 300. இடைவெளியை எப்படி மாற்றினாலும் இப்பெருக்கற்பலன் மாறாது. ஒன்றைக் குறைத்தால் மற்றது ஏறும்.

உலகெங்கும் பலர் பயன்படுத்தும் பொதுக் கணிப்பொறி அது. எனவே ஒரே RID பற்றி நிமிடத்துக்கு ஒருமுறைக்கு மேல் கேட்கக் கூடாதென்பது என்.சி.பி.ஐ.யின் விதி. மதிப்பிட்ட நேரம் வரை பேசாமலிருந்து, பிறகு கேட்கத் தொடங்கினால் வீண் கேள்விகள் பெரிதும் குறையும்.

இந்தப் பெருக்கற்பலனின் பிடியிலிருந்து தப்ப, பதில் சொல்லும் சர்வரும் உதவ வேண்டும். கேள்வி வந்தவுடன் 'இல்லை' என்று கூறாமல், அது இணைப்பைத் திறந்தே வைத்திருக்கிறது. வேலை முடிந்த கணமே பதிலளிக்கிறது. இது லாங் போலிங். ஆனால் வழியிலுள்ள இடைச் சர்வர்கள் நெடுநேரம் பேச்சற்றிருக்கும் இணைப்பைத் துண்டித்துவிடும். என்ஜின்எக்ஸ் என்னும் பரவலான மென்பொருளில் இயல்பான வரம்பு 60 விநாடி. ஆகவே 50-ஆவது விநாடியில் 'இன்னும் இல்லை' என்று சொல்லி, மறுபடி கேட்கச் செய்யலாம். 600 விநாடிக்கு 12 கேள்விகள் போதும். தாமதமோ மிகச் சொற்பம். காத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் ஓர் இணைப்பைச் சர்வர் தாங்க வேண்டியிருப்பதே இதன் விலை.

மூன்றாவது வழியில் நாம் கேட்பதே இல்லை. நம் முகவரியைக் கொடுத்துவிட்டால், வேலை முடிந்ததும் சர்வரே நமக்குச் செய்தி அனுப்பும். இதுதான் வெப்ஹுக். ஒரே செய்தி, தாமதமும் இல்லை. ஆனால் வீட்டு ரௌட்டருக்குப் பின்னால் 192.168 என்று தொடங்கும் முகவரியில் இருக்கும் கணிப்பொறியை வெளியிலிருந்து நேரே எட்ட முடியாது. யாரும் பொய்ச் செய்தி அனுப்பலாம் என்பதால், கிட்ஹப் தன் வெப்ஹுக்குகளில் ரகசியச் சாவியால் கணக்கிட்ட ஒரு முத்திரையையும் சேர்த்தனுப்புகிறது. `X-Hub-Signature-256` என்ற தலைப்பில் வரும் அதைச் சரிபார்த்த பிறகே நம்பலாம். அந்த நேரம் பார்த்து நம் சர்வர் நின்றிருந்தால், கிட்ஹப் தானாக மறுபடி அனுப்பாது. தவறிய செய்திக்காக எவ்வளவு காத்திருந்தும் பயனில்லை. அதனால் வெப்ஹுக் வைத்திருப்பவர்களும் மணிக்கு ஒருமுறையாவது தாங்களே கேட்டுப் பார்ப்பது நல்லது.