‘திறன்’ என்றால் பவரா, கெப்பாசிட்டியா?

பி.எஸ்சி. இயற்பியலில் சேரவிருந்த மாணவி ஒருவர், பிளஸ் ஒன் புத்தகத்தின் ‘வேலை, ஆற்றல் மற்றும் திறன்’ பாடத்துக்கு ஆங்கிலத்தில் குறிப்பு எழுதிக் கொண்டுவந்து காட்டினார். பள்ளிப்படிப்பு முழுக்கத் தமிழ்வழி. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரிக்கு வரி மாற்றியிருந்தார். ‘திறன்’ வந்த இடமெல்லாம் ‘எபிலிட்டி’. கல்லூரியில் அந்த அளவுக்குப் பெயர் ‘பவர்’. பாடம் தெரிந்திருந்தும், வகுப்பில் சொல்வது அதே பாடம்தான் என்று அவருக்குப் பிடிபடாமல் போயிருக்கும்.

அகராதியைக் குறை சொல்லிப் பயனில்லை. இயற்பியலில் ‘திறன்’ ஒரே வேலையைச் செய்வதில்லை. மின்தேக்குத்திறன் என்றால் கெப்பாசிட்டன்ஸ். பயனுறுதிறன் என்றால் எஃபிஷியன்சி. வெப்ப ஏற்புத்திறன் என்றால் ஹீட் கெப்பாசிட்டி. நிலைமத் திருப்புத்திறன் என்றால் மொமென்ட் ஆஃப் இனெர்ஷியா. தனியாக நிற்கும்போதுதான் அது பவர்.

எது எது என்று பிரித்துக்காட்ட ஒரு நம்பகமான ஆள் புத்தகத்திலேயே இருக்கிறார்: அலகு. தமிழ்வழிப் புத்தகத்திலும் சமன்பாடுகளும் அலகுக் குறியீடுகளும் ஆங்கில எழுத்தில்தான் அச்சாகின்றன. அலகு W என்றால் பவர், F என்றால் கெப்பாசிட்டன்ஸ், kg m² என்றால் மொமென்ட் ஆஃப் இனெர்ஷியா. அலகே இல்லையென்றால் எஃபிஷியன்சி. ஒரு விதிவிலக்கு உண்டு. லென்சின் திறனும் ஆங்கிலத்தில் பவர்தான். ஆனால் அதன் அலகு டயாப்டர். பெயர் ஒன்று, அளவு வேறு.

ஆகவே குறிப்பை வாக்கியத்திலிருந்து தொடங்கக்கூடாது. முதலில் பாடத்திலுள்ள சமன்பாடுகளை மட்டும் வரிசையாக எழுத வேண்டும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் அலகு, அதற்கடுத்து ஆங்கிலப் பெயர், கடைசியில் தமிழ்ப் பெயர். இந்தப் பாடத்துக்கு W = Fd cos θ, KE = ½mv², P = W/t ஆகிய மூன்றுமே முதுகெலும்பு. ஆங்கிலப் பெயரில் ஐயம் வந்தால், அதே பாடத்தின் ஆங்கிலவழிப் புத்தகத்தில் அதே சமன்பாட்டைத் தேடினால் பெயர் பக்கத்திலேயே இருக்கும்.

அடுத்து வரையறை. தமிழில், ‘வேலை செய்யப்படும் வீதம் திறன் எனப்படும்’ என்கிறோம். வரையறுக்கப்படும் சொல் கடைசியில் வருகிறது. ஆங்கிலத்தில் அது தலையில் உட்காரும்: ‘பவர் இஸ் தி ரேட் ஆஃப் டூயிங் ஒர்க்.’ தமிழ் வரையறையை வாலிலிருந்து படித்து எழுதினால், பாதி வாக்கியங்கள் தாமாகவே நேராகிவிடும். ‘வீதம்’ வந்தால் ‘ரேட்’. சமன்பாட்டில் அதற்கு அடையாளம் கீழே நிற்கும் t.

சொல்லுக்குச் சொல் மாற்றவே முடியாதவையும் உண்டு. ‘ஆற்றல் மாற்றா விசை’ ஆங்கிலத்தில் ‘கன்சர்வேட்டிவ் ஃபோர்ஸ்’. இந்த இடத்தில் பெயரை மட்டும் எழுதி நகர்ந்தால் குறிப்பு பயன்படாது. ‘செய்த வேலை பாதையைப் பொறுத்ததல்ல; புவியீர்ப்பு, சுருள்வில்; உராய்வு சேராது’ என்ற பொருளையும் சேர்த்து எழுத வேண்டும். ‘ஆற்றல் மாறா விதி’ வேறு. அது ‘லா ஆஃப் கன்சர்வேஷன் ஆஃப் எனர்ஜி’. மாறா, மாற்றா இரண்டையும் அவசரத்தில் ஒன்றாகப் படித்துவிடுவோர் உண்டு.

கடைசியாக ஒரு கணக்கு. 200 கிலோ தண்ணீரை 12 மீட்டர் உயரத்துக்கு 40 வினாடியில் ஏற்றும் மோட்டாரை எடுத்துக்கொள்வோம். g = 10 m/s² என்று வைத்தால்,

W = mgh = 200 × 10 × 12 = 24000 J
P = W/t = 24000/40 = 600 W

முதல் வரியின் தொடக்கத்தில் இருக்கும் W என்பது வேலை. இரண்டாம் வரியின் முடிவில் இருக்கும் W என்பது வாட். அச்சில் அளவின் குறியீடு சாய்வெழுத்திலும் அலகு நேரெழுத்திலும் இருக்கும். கையால் எழுதும்போது அந்த வேறுபாடு மறைந்துவிடும். வேலையைக் குறிக்கும் W-வை வட்டமிட்டுக்கொண்டால் குழப்பமில்லை. இதுவும் நீரின் ஆற்றலை உயர்த்தும் பயனுள்ள பவர் மட்டுமே. மோட்டார் இழுக்கும் மின்சாரம் இதைவிடக் கூடுதலாக இருக்கும். இரண்டுக்கும் உள்ள விகிதமே எஃபிஷியன்சி. தமிழில் இரண்டுமே ‘திறன்’ என்று முடிந்து குழப்பிய சொற்கள், இந்த ஒரு கணக்கில் வாட் உள்ளது, அலகே இல்லாதது என்று தனித்தனியாகப் பிரிந்துவிடுகின்றன.

குறிப்பு சரியா என்று பார்க்க ஒரு வழி: தமிழ்ப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, ஆங்கிலக் குறிப்பை மட்டும் பார்த்து அந்தக் கணக்கைத் தமிழில் வாய்விட்டு விளக்க வேண்டும். எந்தச் சொல்லில் வாய் நிற்கிறதோ, அந்த வரி இன்னும் மொழிபெயர்ப்பாகத்தான் இருக்கிறது. அந்த மாணவி முதல் முறை ‘கன்சர்வேட்டிவ்’ என்ற இடத்தில் நின்றார். பக்கத்தில் ‘பாதை’ என்று பென்சிலால் எழுதிக்கொண்டு மேலே போனார்.