கல்யாண மண்டபத்தில் மாக்கோலம்: கூலி முதல் உரிமை வரை

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை பக்கத்துக் கல்யாணங்களில் மணமேடைக்கு முன்னால் மாக்கோலம் இல்லாவிட்டால் பெரியவர்களுக்கு மனசு ஆறாது. வீட்டுப் பெண்களே முந்தின நாள் உட்கார்ந்து போட்ட காலம் போய், இப்போது கை தேர்ந்தவரைத் தேடிப் பணம் கொடுத்துப் போடச் சொல்கிறார்கள். வாசலில் பழகிய கையை நம்பி இந்த வேலைக்கு இறங்கும் பெண்களுக்கு வரும் சந்தேகங்களுக்கான விளக்கங்கள் இவை.

வீட்டில் பளிச்சென்று நிற்கும் கோலம் மண்டபத்தில் உதிர்ந்துபோகிறதே, ஏன்?

தரைதான் காரணம். பழைய சிமெண்டுத் தரையும் சாணம் மெழுகிய மண் தரையும் ஈரத்தை உறிஞ்சும். மாவு அதோடு சேர்ந்து உள்ளே இறங்கிப் பிடித்துக்கொள்ளும். மண்டபங்களில் இப்போது இருப்பது வழுவழுப்பான டைல்ஸ் அல்லது கிரானைட். அதில் மாவு மேலாக ஏடுபோலக் காய்கிறது. நாலு பேர் நடந்தால் பெயர்ந்துவிடும்.

பச்சரிசியை இரண்டு மணி நேரமாவது ஊறவைத்து, விரலில் தேய்த்தால் நறநறப்பு தெரியாத அளவுக்கு அரைக்க வேண்டும். அதற்குமேல் எல்லாமே பதம்தான். துணித்துண்டை மாவில் நனைத்து உள்ளங்கையில் வைத்து அழுத்தும்போது மோதிரவிரல் வழியாக அறுபடாமல் இழை இறங்க வேண்டும். தண்ணீர் கூடினால் கோட்டின் ஓரம் படர்ந்து, பக்கத்து இழையோடு ஒட்டும். குறைந்தால் காய்ந்ததும் வெடிப்பு விடும். மண்டபத்தில் ஒரு மூலையில் ஒரு சாண் கோடு இழுத்து, காயவிட்டுத் தேய்த்துப் பார்த்துவிட்டே ஆரம்பிப்பது நல்லது. டைல்ஸ் தரைக்காக மாவில் கொஞ்சம் மைதா அல்லது பசை கலப்பவர்கள் உண்டு. பிடிப்பு கூடும், கழுவுவது கஷ்டமாகும். அதனால் கலப்பதற்கு முன் மண்டபத்துக்காரரிடம் கேட்டுவிட வேண்டும். காவிக்கும் அப்படித்தான், சில கல் தரைகளில் செம்மண் கறை லேசில் போகாது.

தரை ஒத்துவராது என்று தெரிந்தால் காவி வண்ணம் பூசிய பலகையில் வீட்டிலேயே வரைந்து எடுத்துப்போகலாம். நான்கு பலகைகளைச் சேர்த்து வைத்தால் பெரிய படிக்கோலமே கிடைக்கும். கோடுகள் பலகை ஓரத்தில் சரியாகச் சந்திக்க வேண்டும் என்பதால், முதலில் எல்லாவற்றையும் சேர்த்து வைத்துச் சுண்ணக்கட்டியால் அளவு போட்டுக்கொள்ள வேண்டும்.

எவ்வளவு கேட்பது? 'மாவுதானே, இதுக்கு இவ்வளவா' என்கிறார்களே?

அந்தப் பேச்சுக்குக் கணக்கைக் காட்டுவதே பதில். பாபநாசத்திலிருந்து ஒருவர் துணைக்கு ஒரு பெண்ணை அழைத்துக்கொண்டு கும்பகோணம் மண்டபத்தில் 12 அடிக்கு 12 அடி படிக்கோலம் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். தொகைகள் உதாரணத்துக்குத்தான், உங்கள் ஊர் நிலவரத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்.

அரிசி, காவி, துணி எல்லாம் சேர்த்து 150 ரூபாய். இருவரும் போய்வர 400. துணைக்கு வந்தவருக்கு 600. ஊறவைப்பது, அரைப்பது, பயணம், கோலம் போடுவது என்று தனக்கு 7 மணி நேரம். மணிக்கு 120 வைத்தால் 840. முகூர்த்தத்தன்று விடியற்காலையில் மிதிபட்ட இடங்களைச் சரிசெய்யத் தனியாக ஒருமுறை வர வேண்டும். அதற்கு 2 மணி நேரக் கூலி 240, போக்குவரத்து 200. மொத்தம் 2,430 ரூபாய். இதில் மாவுச் செலவு பதினாறில் ஒரு பங்குகூட இல்லை. 2,800 கேட்டால்தான் கையில் ஏதாவது மிஞ்சும்.

பலர் ஏமாறுவது அந்த விடியற்காலை வேலையில்தான். அதைக் கணக்கில் சேர்க்காமல் ஒப்புக்கொண்டு, பிறகு மறுக்க முடியாமல் போய்வருகிறார்கள். பேசும்போதே சொல்லிவிடுங்கள்.

புள்ளிக் கோலம் கேட்டால் புள்ளியின் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். 7 புள்ளி 7 வரிசை என்றால் 49 புள்ளி. 15 புள்ளி 15 வரிசை கேட்கிறவர் இரண்டு மடங்கு வேலைதான் என்று நினைப்பார், புள்ளிகளோ 225. நாலு மடங்குக்கும் மேல். சிக்குக் கோலத்தில் ஓர் இடத்தில் வளைவு தப்பினால் அழித்துத்தான் போட வேண்டும் என்பதால் அதற்கு இன்னும் கூடுதலாகக் கேட்பது நியாயம்.

மாதாமாதம் வருமானம் வருமா?

வராது. ஆடி, புரட்டாசி, மார்கழியில் முகூர்த்தம் இல்லை. ஊரே கோலம் போடும் மார்கழியில்தான் கல்யாணக் கோலத்துக்கு ஆள் கேட்க மாட்டார்கள். தை, வைகாசி, ஆவணி மாதங்களில் ஒரே நாளில் மூன்று இடத்தில் கூப்பிடுவார்கள். அதனால் தேதி குறித்ததும் பாதி முன்பணம் வாங்கிக்கொள்வது அவசியம்.

டெல்டாக்காரர்களுக்கு இதில் ஒரு வாய்ப்பு உண்டு. திருக்கடையூர் அமிர்தகடேஸ்வரர் கோயிலுக்குச் சஷ்டியப்தபூர்த்தி, பீமரத சாந்தி, சதாபிஷேகம் செய்துகொள்ள எங்கெங்கிருந்தோ குடும்பங்கள் வருகின்றன. சஷ்டியப்தபூர்த்தி அவரவர் பிறந்த மாதத்தையும் நட்சத்திரத்தையும் பார்த்து வருவது. ஆடியில் பிறந்தவருக்கு ஆடியிலேயே வரும். கல்யாண மாதம் பார்த்து வருவதல்ல. கோயிலுக்குள் வரைய நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். ஆனால் வந்தவர்கள் தங்கி விருந்து வைக்கும் வெளி மண்டபங்களில் வேலை கிடைக்கும். அங்கே ஏற்பாடு செய்துதரும் சமையல்காரர், பூக்காரர் இருவரிடமும் உங்கள் எண் இருக்கட்டும். வெளியூர்க் குடும்பம் முதலில் விசாரிப்பது அவர்களிடம்தான்.

பதிவு, வரி எல்லாம் உண்டா?

சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டும்வரை ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. குறுந்தொழில் என்று உத்யம் பதிவு செய்துகொண்டால் வங்கிக் கடன் கேட்கும்போது உதவும். udyamregistration.gov.in என்ற அரசுத் தளத்தில் ஆதாரை வைத்துப் பதியலாம், கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் அரசுடையது அல்ல. பி.எம். விஸ்வகர்மா திட்டத்தின் 18 தொழில்களில் பூமாலை கட்டுவது இருக்கிறது, கோலம் இல்லை. சேர்த்துவிடுகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம்.

நான் கண்டுபிடித்த கோலத்தைப் பலகையிலும் விரிப்பிலும் அச்சிட்டு விற்க ஆசை. மற்றவர்கள் நகலெடுக்காமல் தடுக்க முடியுமா?

வழிவழியாக வரும் கோலங்கள் யாருடைய சொத்தும் அல்ல. அதை நீங்களும் விற்கலாம், அடுத்தவரும் விற்கலாம். நீங்களே புதிதாக வரைந்தது 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி கலைப்படைப்பு. வரைந்த உடனே உரிமை உங்களுடையது, பதிவு கட்டாயமில்லை.

ஆனால் பொருளில் பதித்து விற்க இறங்கினால் அதே சட்டத்தின் 15ஆவது பிரிவு குறுக்கே வருகிறது. 2000ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டத்தில் பதிவு செய்யத்தக்க ஒரு வடிவத்தைப் பதியாமலே விட்டு, இயந்திர முறையில் அந்தப் பொருளை 50 முறைக்கு மேல் உருவாக்கினால், அந்த வடிவத்துக்கான பதிப்புரிமை போய்விடும். அச்சுக்காரரிடம் 100 விரிப்புக்குச் சொல்வதற்கு முன்பே பதிவு செய்ய வேண்டும் என்பதற்கு இதுதான் காரணம். பதிந்தால் முதலில் 10 ஆண்டு, நீட்டித்தால் இன்னும் 5 ஆண்டு பாதுகாப்பு.

வடிவமைப்புப் பதிவுக்கு முக்கிய நிபந்தனை, அது அதற்கு முன் வெளியே வந்திருக்கக் கூடாது. பதிய நினைக்கும் கோலத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலோ இன்ஸ்டாகிராமிலோ முன்கூட்டியே போட்டுவிட்டால் புதியது என்ற தகுதி போய்விடும். ஏற்கெனவே போட்டாகிவிட்டது என்றால் அந்தக் கோலத்தை விளம்பரத்துக்கு வைத்துக்கொண்டு, இன்னும் நோட்டுப்புத்தகத்தை விட்டு வெளியே வராத வேறொன்றைப் பதிவுக்கு அனுப்புங்கள்.