100 கிராமுக்கு 70 பருப்பு, ஒரு வீடியோவுக்கு 6,000 ரூபாய்

சென்னையிலிருந்து கும்பகோணம் போகிறவர்கள் பண்ருட்டியில் வண்டியை நிறுத்தி முந்திரி வாங்குவது பழைய வழக்கம். அந்தச் சாலையோரக் கடைக்காரர்களின் வாட்ஸ்அப்புக்கு இப்போது புதுவகைச் செய்திகள் வருகின்றன. "சார், நான் யூடியூபர். உங்க கடைக்கு வீடியோ போட்டுத் தரேன். ரேட் பேசிக்கலாம்." கடைக்காரர் பார்த்ததற்கு அடையாளமாக நீலக் குறி விழும், பதில் வராது. அந்தச் செய்தியில் அவர் முடிவெடுக்க எதுவுமே இல்லை. எத்தனை பேர் பார்ப்பார்கள், அவர்கள் எந்த ஊர்க்காரர்கள், என்ன எடுக்கப் போகிறார், எவ்வளவு கேட்கிறார் என்று எதுவும் தெரியாமல் யாரும் காசை எடுத்து நீட்டமாட்டார்கள்.

சிறிய சேனல் ஒன்று உள்ளூர்க் கடையிடம் விளம்பர வீடியோ கேட்டு எழுதும் செய்தி எப்படி இருக்க வேண்டும் என்று பார்க்க, கடலூர் செம்மண்டலத்தில் இருந்துகொண்டு ஊர்ச் சாப்பாடு, ஊர்த் தொழில் பற்றி வீடியோ போடும் ஒரு சேனலைக் கற்பனை செய்துகொள்வோம். இனி வரும் எண்கள் கணக்குப் போட்டுப் பார்ப்பதற்காக வைத்துக்கொண்டவை. அந்தச் சேனல்காரர் பண்ருட்டி முந்திரிக் கடைக்கு இப்படி எழுதுகிறார்:

"வணக்கம் ஐயா. நான் செம்மண்டலத்தில் இருந்து யூடியூபில் வீடியோ போடுகிறேன். முந்திரிப் பருப்பில் 180, 240, 320 என்று நம்பர் சொல்கிறார்களே, அது என்ன என்று என் வீடியோ பார்ப்பவர்கள் கேட்கிறார்கள். உங்கள் கடையில் மூன்று ரகத்தையும் 100 கிராம் நிறுத்து, எண்ணிக் காட்டி, எது எதற்கு நல்லது என்று நீங்களே சொல்வதுபோல 8 நிமிட வீடியோ எடுக்கலாம். என் வீடியோக்களுக்கு முதல் 30 நாளில் வழக்கமாக 3,200 பார்வை வரும். பார்ப்பவர்களில் 100க்கு 35 பேர் கடலூர் மாவட்டம், 40 பேர் சென்னை, புதுச்சேரி. கட்டணம் 6,000 ரூபாய். ஒரு வீடியோ, அதிலிருந்து இரண்டு ஷார்ட்ஸ். பாதி முன்பணம், மீதி வீடியோ வெளியான பிறகு. காசு வாங்கிக்கொண்டு எடுத்தது என்று வீடியோவில் தெரியும்படி போடுவேன். விலை, முகவரி, போன் நம்பர் சரியா என்று வெளியிடும் முன் நீங்கள் பார்த்துக்கொள்ளலாம். வியாழக்கிழமை காலை கடைக்கு வந்தால் 10 நிமிடம் பேச முடியுமா?"

இதில் முதலில் கவனிக்க வேண்டியது வீடியோவுக்கான யோசனை. 'உங்கள் கடையைப் புகழ்ந்து பேசுகிறேன்' என்று அவர் சொல்லவில்லை. வாங்குபவருக்கு உண்மையிலேயே இருக்கும் ஒரு குழப்பத்தைக் கையில் எடுக்கிறார். முந்திரி வணிகத்தில் 320 என்பது ஒரு பவுண்டு எடையில், அதாவது 454 கிராமில், அதிகபட்சம் எத்தனை முழுப் பருப்பு நிற்கும் என்பதைக் குறிக்கும் எண். கணக்குப் போட்டால் 100 கிராமுக்குச் சுமார் 70 பருப்பு. 240 என்றால் 53, 180 என்றால் 40. எண் குறையக் குறையப் பருப்பு பெரிது, விலையும் கூடுதல். பாயசத்துக்கு உடைத்துப் போடப்போகிறவர் 180 வாங்க வேண்டியதில்லை. பார்ப்பவர் வீட்டுத் தராசிலேயே சரிபார்த்துவிடக்கூடிய செய்தி இது. வீடியோ இப்படி ஒரு கேள்விக்கு விடை சொன்னால், அந்தக் கேள்வியை யாராவது தேடும்போதெல்லாம் அது மேலே வர வாய்ப்புண்டு. வெறும் கடைப் புகழ்ச்சியை யாரும் தேடுவதில்லை.

அடுத்தது 3,200 என்ற எண். இதைச் சொல்வதில்தான் பல சேனல்கள் சறுக்குகின்றன. நம் சேனலின் கடைசிப் பத்து வீடியோக்கள் முதல் 30 நாளில் பெற்ற பார்வைகள் இவை என்று வைத்துக்கொள்வோம்: 2,500, 2,600, 2,800, 2,900, 3,100, 3,300, 3,400, 3,700, 4,200, 61,000. கடைசி வீடியோ ஏதோ காரணத்தால் தெறித்து ஓடியிருக்கிறது. பத்தையும் கூட்டிப் பத்தால் வகுத்தால் சராசரி 8,950. ஆனால் பத்தில் ஒன்பது வீடியோக்கள் அதில் பாதியைக்கூடத் தொடவில்லை. சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தி நடுவில் நிற்கும் இரண்டின் சராசரியை எடுத்தால் 3,200 வருகிறது. அடுத்த வீடியோவுக்கு எதிர்பார்க்கத் தகுந்த எண் இந்த நடு எண்தான். 8,950 என்று சொல்லிக் காசு வாங்கிவிட்டு 3,000 பார்வை வந்தால், அந்தக் கடையில் மட்டுமல்ல, அந்தச் சாலை முழுக்கப் பேர் கெட்டுவிடும். சந்தாதாரர் எண்ணிக்கையைச் செய்தியில் சொல்லாததும் இதே காரணத்தால்தான். எப்போதோ ஒருமுறை பொத்தானை அமுக்கியவர்கள் எல்லோரும் புது வீடியோவைப் பார்ப்பதில்லை.

பார்ப்பவர்களின் ஊர்க் கணக்கு யூடியூப் ஸ்டுடியோவில் கிடைக்கும். ஆனால் அதை அப்படியே நம்ப முடியாது. மொபைல் இணையத்தின் முகவரியைக் கொண்டு ஊரைக் கணிக்கும்போது, சிதம்பரத்தில் பார்ப்பவர்கூடச் சென்னைக் கணக்கில் சேர்ந்துவிடலாம். அதனால் 'நீங்கள் எந்த ஊர்?' என்று சேனலில் ஒரு வாக்கெடுப்பு வைத்து, இரண்டு கணக்கும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது நல்லது. ஸ்கிரீன்ஷாட்டை யாரும் எளிதாகத் திருத்திவிடலாம் என்பதால், நேரில் சந்திக்கும்போது போனிலேயே ஸ்டுடியோவைத் திறந்து காட்டுவதுதான் நம்பிக்கை தரும்.

இனி 6,000 ரூபாய் நியாயமா என்று பார்ப்போம். சேனல்காரர் தன் உழைப்பிலிருந்து கணக்கைத் தொடங்குவார்: ஒரு நாள் படப்பிடிப்பு, இரண்டு நாள் எடிட்டிங், போக்குவரத்து. கடைக்காரரின் கணக்கு வேறு: இந்தக் காசைத் திருப்பி எடுக்க எத்தனை பேர் புதிதாக வாங்க வேண்டும்? இரண்டு கணக்கும் சந்திக்கும் இடம்தான் கட்டணம்.

முந்திரிக் கடையில் ஒருவர் ஒரு தடவைக்கு 2 கிலோ வாங்குகிறார், கிலோவுக்கு 120 ரூபாய் நிற்கிறது என்று கொள்வோம். ஒரு விற்பனைக்கு 240 ரூபாய். 6,000ஐ 240ஆல் வகுத்தால் 25 விற்பனை. இப்போது பார்வையாளர் பக்கம் வருவோம். எல்லோரும் வீடியோவைக் கடைசிவரை பார்ப்பதில்லை. எத்தனாவது நிமிடத்தில் எத்தனை சதவீதம் பேர் மிஞ்சுகிறார்கள் என்பதையும் ஸ்டுடியோ கோடுபோட்டுக் காட்டும். இரண்டாவது நிமிடத்தில் 60 சதவீதம் பேர் இருந்தால், கடையின் பெயரும் பார்சல் விவரமும் அங்கே வரும்போது கேட்பது 1,920 பேர். அவர்களில் 25 பேர் என்றால் 100க்கு 1.3 பேர். கடினம்தான், ஆனால் நடக்கக்கூடியது. பருப்பு சீக்கிரம் கெடாது, பார்சலில் போகும். சென்னையில் பார்ப்பவரும் வாடிக்கையாளர்தான். பெயரை ஏழாவது நிமிடத்தில் சொன்னால் இந்தக் கணக்கு அப்படியே கவிழ்ந்துவிடும்.

அதே சேனல் அதே 6,000 ரூபாயைச் சிதம்பரம் கீழ வீதிப் பக்கம் உள்ள ஒரு மெஸ்ஸிடம் கேட்டால்? மூன்று பேர் குடும்பம் 450 ரூபாய்க்குச் சாப்பிட்டுக் கடைக்கு 180 நின்றால், 34 குடும்பங்கள் புதிதாக வர வேண்டும். ஆனால் சாப்பாட்டைச் சென்னைக்குப் பார்சல் அனுப்ப முடியாது. எளிதில் வந்துபோகக்கூடியவர்கள் மாவட்டத்துக்காரர்கள் மட்டும். 3,200இல் 35 சதவீதம், அதில் 60 சதவீதம், ஆக 672 பேர். இவர்களில் 34 குடும்பம் என்றால் 100க்கு 5. ஒரு வீடியோவைப் பார்த்து இவ்வளவு பேர் கிளம்பி வரமாட்டார்கள். மெஸ்ஸிடம் 2,000 ரூபாய்க்கு உழைப்பு குறைந்த ஒரு ஷார்ட்ஸ் மட்டும் பேசினால் 12 குடும்பம் போதும், 100க்கு இரண்டு பேருக்கும் குறைவு. சாப்பிட்டவர்கள் திரும்பத் திரும்ப வருவார்கள் என்பதும் மெஸ்ஸுக்குச் சாதகம். ஆக, சேனலுக்கு ஒரே விலைப்பட்டியல் என்று ஒன்று இருக்க முடியாது. பார்ப்பவர்களில் எத்தனை பேரை அந்தக் கடையால் வாடிக்கையாளராக ஏற்க முடியும் என்பதைப் பொறுத்து அது மாறும்.

'காசு வாங்கிக்கொண்டு எடுத்தது என்று தெரியும்படி போடுவேன்' என்ற வரி நல்லெண்ணத்துக்காக மட்டும் சேர்த்ததல்ல. இந்திய விளம்பரத் தரக் கவுன்சில் 2021இல் இதற்கான வழிகாட்டுதல்களை வெளியிட்டது. 2022 ஜூனில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தவறாக வழிநடத்தும் விளம்பரங்களைத் தடுப்பதற்கான வழிகாட்டுதல்களைக் கொண்டுவந்தது. 2023 ஜனவரியில் சமூக ஊடகத்தில் பேசுகிறவர்களுக்கென்றே மத்திய அரசு தனி வழிகாட்டி வெளியிட்டது. பணம் மட்டுமல்ல, இலவசப் பொருள், தங்குமிடம், பயணம் பெற்றிருந்தாலும் சொல்ல வேண்டும் என்பது இவற்றின் சாரம். பொய்யான விளம்பரம் என்று நிரூபணமானால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. பரிந்துரைத்தவருக்கும் இது பொருந்தும். யூடியூபில் வீடியோவை ஏற்றும்போது கட்டண விளம்பரம் உள்ளது என்று குறிக்க ஒரு கட்டம் இருக்கிறது. அதைக் குறித்துவிட்டு, வாயாலும் ஒரு வரி சொல்லிவிடுவது நல்லது. விலையையும் முகவரியையும் கடைக்காரர் சரிபார்க்கலாம் என்று எழுதியவர் கருத்தைச் சரிபார்க்கலாம் என்று எழுதவில்லை. 'மாவட்டத்திலேயே சிறந்த முந்திரி' என்று சொல்லச் சொன்னால் நிரூபிக்க முடியாத அந்த வாக்கியத்துக்கு இருவரும் பொறுப்பாக நேரிடும்.

வீடியோ வெளியான பிறகு பலன் தெரிவது எப்படி? எளிய வழி, வீடியோவில் மட்டும் சொல்லப்படும் ஒரு குறிச்சொல். 'எண்ணிப் பார்த்தேன்' என்று சொல்லி வாங்குபவருக்கு 50 கிராம் கூடுதல் என்று அறிவித்துவிட்டுக் கல்லாவில் ஒரு நோட்டில் கோடு போட்டு வரலாம். பலர் சொல்ல மறந்துவிடுவார்கள் என்பதால் நோட்டில் விழுவது உண்மையான எண்ணிக்கையைவிடக் குறைவாகவே இருக்கும். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் முந்திரி தானாகவே அதிகம் விற்கும். அப்போது வந்த கூட்டத்தை வீடியோ கணக்கில் எழுதினால் அடுத்த முறை ஏமாற்றம்தான் மிஞ்சும். சாதாரண மாதத்தில் எடுத்து, முந்தைய நான்கு வாரத்தோடு ஒப்பிடுவதே சரி.

கடைக்காரர் தரப்பில் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய அடையாளங்களும் உண்டு. பார்வை ஆயிரக்கணக்கில் இருந்தும், கருத்துப் பகுதியில் விலை என்ன, கடை எங்கே, பார்சல் உண்டா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. எல்லாம் 'செம', 'சூப்பர்' என்று மட்டும் இருக்கிறது. ஊர்ச் சேனலின் பார்வையாளர்கள் தமிழ் பேசாத நாடுகளில் குவிந்திருக்கிறார்கள். முதல் சில நொடிகளிலேயே பெரும்பாலோர் வெளியேறிவிடுகிறார்கள். இவை காசு கொடுத்து வாங்கிய பார்வைகளில் அடிக்கடி காணப்படுபவை. வியாழக்கிழமை வரும் சேனல்காரரிடம் கடைசியாகப் போட்ட பத்து வீடியோக்களின் எண்களையும், இரண்டாவது நிமிடத்தில் மிஞ்சியவர் சதவீதத்தையும் போனில் திறந்து காட்டச் சொல்லலாம். அதற்குத் தயங்காதவரிடம் மட்டும் விலை பேசத் தொடங்கினால் போதும்.