பசுமை அறிக்கையில் வகுக்கும் எண்

இந்தியப் பங்குச் சந்தைகளில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களுள், சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் இருப்பவை 2022-23 நிதியாண்டு முதல் ‘பி.ஆர்.எஸ்.ஆர்.’ என்னும் அறிக்கையைக் கட்டாயம் வெளியிட வேண்டும். பொறுப்பான தொழில் நடத்தை, நிலைத்தன்மை ஆகியவை பற்றிய இந்த அறிக்கைக்கான படிவத்தை வகுத்தது செபி. ஆண்டறிக்கையின் ஒரு பகுதியாக இது வருகிறது. நிறுவனத்தின் இணையதளத்திலும் பங்குச் சந்தைகளின் தளங்களிலும் யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிப் படிக்கலாம்.

பல நிறுவனங்கள் இதைத் தவிர, மரங்களும் சிரிக்கும் குழந்தைகளும் நிறைந்த தனி அறிக்கை ஒன்றையும் வெளியிடுகின்றன. அதில் எந்த எண்ணைச் சொல்வது, எதை விடுவது என்பது நிறுவனத்தின் விருப்பம். செபியின் படிவத்தில் அந்தச் சுதந்திரம் குறைவு. எல்லா நிறுவனங்களுக்கும் ஒரே கேள்விகள். பெரும்பாலான அட்டவணைகளில் இந்த ஆண்டு எண்ணுக்குப் பக்கத்திலேயே சென்ற ஆண்டு எண்ணும் இருக்க வேண்டும். ஆகவே நிறுவனத்தை அறிய விரும்புபவர் பார்க்க வேண்டியது பளபளப்பான அறிக்கையை அல்ல, இந்தப் படிவத்தைத்தான்.

முதலில் பார்க்க வேண்டியது, தொடக்கப் பக்கங்களிலேயே வரும் ஒரு சிறிய வரி. இந்த விவரங்கள் நிறுவனத்துக்கு மட்டுமா, துணை நிறுவனங்களையும் சேர்த்தா என்று அது கேட்கிறது. மாசு அதிகமுள்ள ஆலை ஒரு துணை நிறுவனத்தின் பெயரில் இருந்து, அறிக்கை தாய் நிறுவனத்துக்கு மட்டும் என்றால், அந்த ஆலையின் புகை எந்த அட்டவணையிலும் தென்படாது. விற்றுமுதலைக் குழுமம் முழுவதற்கும் எடுத்துக்கொண்டு, உமிழ்வைத் தாய் நிறுவனத்துக்கு மட்டும் எடுத்து வகுத்தால் கிடைக்கும் விகிதத்துக்குப் பொருளே இல்லை. அதனால் இந்த வரியைக் குறித்து வைத்துக்கொண்டுதான் மற்ற பக்கங்களுக்குப் போக வேண்டும்.

அடுத்தது ஆள் கணக்கு. படிவம் பணியாளர்களை ஊழியர், தொழிலாளர் என்று இரண்டாகப் பிரிக்கிறது. நடைமுறையில் அலுவலக, நிர்வாக வேலையில் இருப்பவர்கள் முதல் வகையிலும், உற்பத்திக் களத்தில் இருப்பவர்கள் இரண்டாம் வகையிலும் வருகிறார்கள். ஒவ்வொன்றிலும் நிரந்தரம், நிரந்தரமல்லாதவர் என்று மேலும் இரண்டு பிரிவு. ஒப்பந்தக்காரர் மூலம் வேலைக்கு வருபவர்கள் நிரந்தரமல்லாதவர் வரிசையில் இருப்பார்கள். எல்லா வரிகளிலும் ஆண், பெண் எண்ணிக்கை தனித்தனியாக இருக்கும்.

விளக்கத்துக்காக ஒரு கற்பனை சிமென்ட் நிறுவனத்தை எடுத்துக்கொள்ளலாம். அதன் நிரந்தர ஊழியர்கள் 2,000 பேர். அவர்களில் பெண்கள் 160. நிரந்தரத் தொழிலாளர்கள் 1,000 பேர்; பெண்கள் 10. ஒப்பந்தத் தொழிலாளர்கள் 7,000 பேர், பெண்கள் 110. ‘எங்கள் ஊழியர்களில் 8 சதவீதம் பெண்கள்’ என்று தலைவரின் கடிதம் சொன்னால் அது பொய்யில்லை. 2,000 பேரில் 160 பேர் 8 சதவீதம்தான். ஆனால் ஆலை வாசலுக்குள் வேலை செய்யும் 10,000 பேரையும் கணக்கில் எடுத்தால் பெண்கள் 280, விகிதம் 2.8 சதவீதமாக இறங்குகிறது. பெண்களின் எண்ணிக்கை கூடியது, ஆனால் வகுக்கும் எண் அதைவிடப் பல மடங்கு கூடியது. நிலைத்தன்மை அறிக்கையில் வாசகரை வழிதவறச் செய்வது பெரும்பாலும் இந்த வகுக்கும் எண்ணே.

வேலையை விட்டுப் போனவர்களின் விகிதத்தையும் படிவம் கேட்கிறது, மூன்று ஆண்டுகளுக்கு. ஆண்டில் விலகியவர்களை, சராசரியாக வேலையில் இருந்தவர்களால் வகுத்துக் கிடைப்பது இது. ஆனால் கேள்வி நிரந்தரப் பணியாளர்களைப் பற்றியது மட்டுமே. மேலே சொன்ன நிறுவனத்தில் பத்தில் ஏழு பேர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். ஒப்பந்தம் முடிந்து அவர்களில் பாதிப் பேர் மாறினாலும் இந்த விகிதம் அசையாது.

ஒப்பந்தத் தொழிலாளர்களை நிறுவனம் விபத்துக் கணக்கில் சேர்த்திருக்கிறதா என்பதை வாசகரே கண்டுபிடிக்க முடியும். வேலை நாள் இழப்புக்குக் காரணமான காயங்களை, 10 லட்சம் வேலை மணி நேரத்துக்கு இத்தனை என்ற விகிதத்தில் தருமாறு படிவம் கேட்கிறது. ஒருவர் ஆண்டுக்குச் சுமார் 2,500 மணி நேரம் வேலை செய்கிறார் என்று கொண்டால், 10,000 பேருக்கு 2.5 கோடி மணி நேரம். அதில் 5 காயங்கள் நேர்ந்திருந்தால் விகிதம் 0.2. கணக்கைத் திருப்பியும் போடலாம். அறிக்கையில் காயங்கள் 2 என்றும் விகிதம் 0.27 என்றும் இருந்தால், அதற்குப் பின்னால் இருப்பது சுமார் 75 லட்சம் மணி நேரம். அதாவது 3,000 பேர். அது நிரந்தரப் பணியாளர்களின் எண்ணிக்கை. ஆபத்தான வேலைகளைப் பெரும்பாலும் செய்யும் 7,000 பேர் கணக்கில் வரவில்லை என்பது தெரிந்துவிடும். உயிரிழப்புகள் தனி வரியில் இருக்கும். அந்த எண்ணை எந்த விகிதமும் இல்லாமல் அப்படியே படிப்பதே சரி.

உமிழ்வுக் கணக்குக்கு உலகெங்கும் கையாளப்படும் மூன்று வட்டங்கள் உண்டு. நிறுவனத்தின் சொந்த உலைகளும் வாகனங்களும் வெளியிடுவது ஸ்கோப் 1. வெளியிலிருந்து வாங்கும் மின்சாரத்தை உற்பத்தி செய்த இடத்தில் வெளியானது ஸ்கோப் 2. மூலப்பொருள் தருபவர்கள் முதல் பொருளை வாங்கிப் பயன்படுத்துபவர்கள் வரை மற்ற எல்லாம் ஸ்கோப் 3. இந்தியப் படிவத்தில் முதல் இரண்டும் கட்டாயக் கேள்விகள். மூன்றாவது விருப்பக் கேள்வி.

சிமென்டில் பெரும்பகுதி ஸ்கோப் 1தான். சுண்ணாம்புக்கல்லைச் சூடாக்கிக் கிளிங்கர் ஆக்கும்போது, எரிபொருளின் புகை ஒரு பக்கமிருக்க, கல்லிலிருந்தே கரியமில வாயு பிரிகிறது. மொத்த உமிழ்வில் பாதிக்கு மேல் இந்தக் கல்லிலிருந்து வருவதே. அதனால் ஒரு நிறுவனம் கிளிங்கரைத் தானே சுடாமல் வேறொருவரிடம் வாங்கி அரைக்கத் தொடங்கினால், அதன் ஸ்கோப் 1 சட்டென்று குறையும். வாயு குறையவில்லை, பதிலளிக்கக் கட்டாயமில்லாத மூன்றாம் வட்டத்துக்கு நகர்ந்துவிட்டது. ஸ்கோப் 1 திடீரெனச் சரிந்தால், வாங்கிய கிளிங்கரின் அளவு ஆண்டறிக்கையில் கூடியிருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

மொத்த டன் கணக்குக்குப் பக்கத்திலேயே, விற்றுமுதலில் ஒரு ரூபாய்க்கு எவ்வளவு உமிழ்வு என்ற விகிதமும் வரும். விளம்பரங்களில் அதிகம் எடுத்தாளப்படுவது இதுவே; அதிகம் ஏமாற்றுவதும் இதுவே. அதே கற்பனை நிறுவனம் ஓராண்டில் 1 கோடி டன் சிமென்ட் செய்து, 60 லட்சம் டன் வாயுவை வெளியிட்டு, 5,000 கோடி ரூபாய்க்கு விற்றது என்று வைத்துக்கொள்ளலாம். மறு ஆண்டு உற்பத்தி 1.02 கோடி டன், உமிழ்வு 62.22 லட்சம் டன். சிமென்ட் விலை ஏறியதால் விற்பனை 6,000 கோடி. ஒரு கோடி ரூபாய்க்கான உமிழ்வு 1,200 டன்னிலிருந்து 1,037 டன்னாகக் குறைந்திருக்கிறது. ‘உமிழ்வுச் செறிவில் 13 சதவீதத்துக்கு மேல் குறைப்பு’ என்று எழுதிக்கொள்ளலாம். ஒரு டன் சிமென்டுக்குக் கணக்கிட்டால் 600 கிலோ, 610 கிலோவாகக் கூடியிருக்கிறது. உலையில் எந்த முன்னேற்றமும் இல்லை; மூட்டையின் விலைதான் உயர்ந்தது. உற்பத்தி அளவை வைத்துக் கணக்கிட்ட விகிதத்தையும் அட்டவணையில் காணலாம். சிமென்ட், எஃகு, மின்சாரம் போன்ற தொழில்களில் அந்த வரியை மட்டும் நம்புவது போதும்.

ஸ்கோப் 2 எண்ணைச் சரிபார்க்க ஒரு பெருக்கல் போதும். இந்திய மின்கட்டமைப்பில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சராசரியாகச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு என்பது மத்திய மின்சார ஆணையத்தின் அண்மை ஆண்டுக் கணக்குகளை ஒட்டிய அளவு. நிறுவனம் வாங்கியது 40 கோடி யூனிட் என்றால் ஸ்கோப் 2 சுமார் 2.8 லட்சம் டன் இருக்க வேண்டும். படிவம் ஆற்றலை ஜூல் அளவில் கேட்பதால் வாசகர் தயங்க வேண்டியதில்லை. ஒரு யூனிட் என்பது 36 லட்சம் ஜூல். அறிக்கையில் 1.4 லட்சம் டன் என்றிருந்தால், வாங்கிய மின்சாரத்தில் பாதி காற்றாலை, சூரிய ஒளியிலிருந்து வந்ததாகக் காட்ட வேண்டும். ஆற்றல் அட்டவணையில் அதற்கான வரி தனியாக இருக்கிறது. அங்கே அந்த அளவு இல்லையென்றால், சான்றிதழ்களை வாங்கிக் கழித்திருக்கலாம், அல்லது கணக்கே பிழையாக இருக்கலாம். அடிக்குறிப்பு பதில் சொல்ல வேண்டும்.

நிர்வாகப் பகுதியில் ‘கொள்கை உண்டா? இயக்குநர் குழு ஏற்றதா?’ என்ற கேள்விகளுக்கு ஒன்பது கோட்பாடுகளுக்கும் ஏறக்குறைய எல்லா நிறுவனங்களும் ‘ஆம்’ என்றே எழுதுகின்றன. அந்தப் பக்கத்தை வேகமாகப் புரட்டிவிடலாம். இயக்குநர் குழுவில் பெண்கள் எத்தனை பேர் என்ற வரியிலும் ஒருவர் என்று இருந்தால் அதில் செய்தி இல்லை. முதல் 1,000 நிறுவனங்களில் குறைந்தது ஒரு பெண் சுயேச்சை இயக்குநர் இருக்க வேண்டும் என்பது செபியின் விதி. உண்மை நிலையைச் சொல்வது அதற்கு அடுத்த வரி: தலைமை நிர்வாகி, நிதித் தலைவர், நிறுவனச் செயலாளர் போன்ற முக்கிய நிர்வாகிகளில் எத்தனை பெண்கள் என்பது.

தண்டத் தொகைகள், புகார்கள், பில் கட்ட எடுக்கும் நாட்கள் ஆகிய மூன்றும் நிதானமாகப் படிக்க வேண்டியவை. சிறு, குறு நிறுவனங்களுக்கு அதிகபட்சம் 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது 2006ஆம் ஆண்டின் சட்டம். பெரிய நிறுவனத்தின் சராசரி 90 நாட்கள் என்றிருந்தால், அது எல்லா விற்பனையாளர்களுக்கும் சேர்ந்த சராசரிதான் என்றாலும், சிறியவர்களுக்குக் காசு எப்போது போகிறது என்று கேட்க இடமிருக்கிறது. பாலியல் தொந்தரவுப் புகார்கள் தொடர்ந்து பூஜ்யமாக இருப்பதை நற்சான்றாகக் கொள்ள முடியாது. ஆயிரக்கணக்கான பெண்கள் பணிபுரியும் இடத்தில் மூன்று ஆண்டும் ஒரு புகாரும் இல்லையென்றால், புகார் சொல்லும் வழி வேலை செய்யவில்லை என்ற வாய்ப்பே அதிகம்.

இவற்றுள் எதையும் வெளியார் சரிபார்த்தார்களா என்பது அறிக்கையோடு இணைக்கப்பட்ட சான்றில் இருக்கும். உமிழ்வு, தண்ணீர், விபத்து, பெண்களுக்குச் சேரும் ஊதியப் பங்கு, பில் நாட்கள் முதலியவற்றை ‘கோர்’ எனப் பிரித்து, அவற்றுக்கு மட்டும் வெளிச் சரிபார்ப்பை 2023-24இல் முதல் 150 நிறுவனங்களுக்குச் செபி கட்டாயமாக்கியது. அடுத்தடுத்த ஆண்டுகளில் அந்த எண்ணிக்கை 250, 500, 1,000 என்று விரியும் வகையில் அட்டவணை போட்டது. சான்றில் எந்தெந்த ஆலைகளை நேரில் பார்த்தார்கள், எந்த எண்களுக்கு மட்டும் உறுதி தருகிறார்கள் என்று எழுதியிருப்பார்கள். அந்தப் பட்டியலில் இல்லாத எண், நிறுவனம் தானே சொன்ன எண் மட்டுமே.

கடைசியாகச் சென்ற ஆண்டு அறிக்கையையும் திறந்து பக்கத்தில் வைக்க வேண்டும். இந்த ஆண்டு அறிக்கையின் ‘முந்தைய ஆண்டு’ பத்தியில் உள்ள உமிழ்வும், சென்ற ஆண்டே வெளியான எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு ஆலை விற்கப்பட்டிருந்தாலோ, கணக்கு முறை மாறியிருந்தாலோ எண் மாறுவது இயல்பு. காரணம் அடிக்குறிப்பில் இருக்கும். காரணம் சொல்லாமல் முந்தைய ஆண்டின் எண் உயர்ந்திருந்தால், இந்த ஆண்டின் ‘குறைப்பு’ அந்த உயர்விலிருந்தே பிறந்திருக்கலாம்.